சத்தம் நின்ற இடங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. பெரிய டாக்டர் முதல் வாசலில் சீட்டு கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அவர் பாம்புக்காதுதான். பதினான்கு வருடமாக ஜெனரேட்டர் ஆபரேட்டர். மூன்றாவது மாடியில் ஒரு ஃபேன் லேசாகக் கிறீச்சிட்டால், கீழே நடந்து போகிறவர் நின்று நிமிர்ந்து பார்ப்பார். "பேரிங் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட கோளாறைக் கதவில் காதை வைத்து இரண்டே நிமிடத்தில் சொன்னவர். அதை அவர் மறக்கவும் இல்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. கரண்ட் இல்லாத நேரங்களில், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணசருவார். பக்கத்தில் எஞ்சின் காது கிழிய ஓடும். அவர் அசைய மாட்டார். எஞ்சின் நின்றால், கண் திறப்பதற்கு முன்பே கால் செருப்பில் நுழைந்திருக்கும். "சத்தம் இருந்தா தூங்குவேன், சத்தம் நின்னா எழுந்துடுவேன். அதுக்குத்தான் சம்பளம்" என்று புதிதாக வரும் எலக்ட்ரீஷியன்களிடம் சொல்லிக்கொள்வார். இந்தப் பீற்றலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவருக்கே தொண்டையில் சிக்கப் போகிற முள் இது.

வீட்டில் மனைவியும் ஒரு மகளும். மனைவிக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை. மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவள் பெயர் வாலு. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், கையில் எடுத்ததை முடிக்க மாட்டாள், ஒன்றும் இல்லாததற்குக் கோபித்துக்கொண்டு அழுவாள். சாப்பாட்டை விழுங்குவதற்குள் ஒரு யுகம் ஆகும். ஆள் நோஞ்சான். வாய் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். படுத்துவிட்டாலோ, மூன்று வருடமாகவே அந்த நோஞ்சான் உடம்பிலிருந்து வரும் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

இதெல்லாம் பாம்புக்காதுக்கு ஒரு பொருட்டே இல்லை. குறட்டை அவர்கள் பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா குறட்டை விட்டால் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அந்த அப்பா ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். வலியில்லாத சாவு, கொடுத்து வைத்தவர் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மகனும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவிதான் அவ்வப்போது ஆரம்பிப்பாள். "என்னங்க, பிள்ளை தூங்குற தூக்கம் தூக்கமாவே இல்லைங்க. கழுத்தை அண்ணாந்துகிட்டு, கட்டிலைச் சுத்திச் சுத்தி வர்றா. தலகாணி பூரா வேர்வை. இத்தனை வயசுக்கு அப்புறம் படுக்கையில ஒண்ணுக்குப் போறா."

"சும்மா இரு. எங்க அப்பாவும் அப்படித்தான்."

"உங்க அப்பா படுக்கையில ஒண்ணுக்குப் போனாரா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

அந்த வருடம் பள்ளியிலிருந்து ஓலை வந்தது. வகுப்பு டீச்சர் இருவரையும் எதிரில் உட்கார வைத்து நோட்டைப் பிரித்துக் காட்டினார். பாதி வரியில் எழுத்து நின்றுவிடுகிறது. முப்பது வரை எண்ணச் சொன்னால் பதினைந்தில் ஜன்னலைப் பார்க்கிறாள். பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறாள். கடைசிப் பீரியடில் மேஜையில் தலையைச் சாய்த்துவிடுகிறாள். "வருஷக் கடைசிக்குள்ள கொஞ்சமாவது மாற்றம் தெரியலைன்னா, இன்னொரு வருஷம் ரெண்டாம் வகுப்புலயே இருக்கட்டும் சார். அவளுக்கு மண்டையில ஏற மாட்டேங்குது" என்றார் டீச்சர். மகள் காதில் விழும்படியே சொன்னார்.

வெளியே வந்ததும் வாலு கேட்டாள். "அப்பா, மண்டையில ஏறலைன்னா என்ன?"

"உனக்குப் படிக்கணும்னு அக்கறை இல்லைன்னு அர்த்தம்" என்றார் பாம்புக்காது.

அக்கறையை வரவழைக்க அவரே ஒரு திட்டம் போட்டார். தினமும் விடியற்காலை நாலரைக்கு அலாரம். நாலரைக்குத்தான் மூளை சுத்தமாக இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தால், அவள் புத்தகத்தின் மேலேயே சாய்வாள். தூக்கி உட்கார வைப்பார். மறுபடியும் சாய்வாள். ஒரு நாள் படுக்கையும் நனைந்து, படிப்பும் ஏறாமல் போகவே, தொடையில் ஒரு அடி வைத்தார். ஐந்து விரலும் பதிந்தது. அன்றைக்கு மனைவி அவரோடு பேசவில்லை. அவரும் தான் செய்தது சரி என்றே இருந்தார்.

சனிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு ஆபரேஷன் எதுவும் இருக்காது. பதினோரு மணிக்குத் தியேட்டருக்குப் போகும் கரண்டை வேண்டுமென்றே நிறுத்துவார்கள். பத்து விநாடிக்குள் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பித் தியேட்டரில் விளக்கு எரிய வேண்டும். இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகு, தியேட்டர் சிஸ்டர் கீழே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். மனைவிக்குக் கடை, பள்ளிக்கு விடுமுறை என்பதால் அந்தச் சனிக்கிழமை வாலுவும் அப்பாவோடு வந்திருந்தாள். கண்ணாடி அறையின் பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்தவள், எஞ்சின் ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே பென்சிலும் கையுமாகத் தூங்கிப்போனாள்.

எஞ்சினை நிறுத்தினார். அந்தத் திடீர் அமைதியில் பெஞ்சிலிருந்து குறட்டை எழும்பியது. அந்த நேரம் பார்த்துச் சிஸ்டர் கதவைத் திறந்தார்.

"என்ன அண்ணே, ஒண்ணை நிறுத்திட்டு இன்னொண்ணை ஓட விட்டிருக்கீங்க?"

"என் பொண்ணு சிஸ்டர். எங்க குடும்பச் சொத்து" என்று பாம்புக்காது சிரித்தார்.

சிஸ்டரும் சிரித்துக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார். இருபது வருடம் மயக்க டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். தூங்கும் மனிதர்களின் மூச்சைக் கேட்டே காலம் ஓட்டியவர். பேனாவைத் திறக்கும்போது குறட்டை சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா, இப்பத்தான் அசந்து தூங்குறா" என்றார் பாம்புக்காது.

சிஸ்டர் கையெழுத்துப் போடவில்லை. பதிவேட்டை அப்படியே போட்டுவிட்டுப் பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். பிள்ளையின் சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து குழிந்து போனது. வயிறு மட்டும் எக்கி எக்கி ஏறி இறங்கியது. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றில் பிள்ளை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி ஒரு கேவு கேவி, உடம்பு தூக்கிப்போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பினாள். குறட்டை மறுபடியும் ஆரம்பித்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எது சிஸ்டர்?"

சிஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "இங்க வாங்க. அடுத்த தடவை சத்தம் நின்னதும் உங்க உள்ளங்கையை அவ மூக்குக்கும் வாய்க்கும் நேரா வைங்க."

வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சத்தம் நின்றது. வயிறு ஏறி இறங்குவதை அவர் கண்ணால் பார்த்தார். நெஞ்சு முட்டி மோதுவதையும் பார்த்தார். ஆனால் உள்ளங்கையில் காற்று இல்லை. துளி இல்லை. கையை இன்னும் கிட்டே கொண்டுபோனார். உதடு தொட்டது, மூச்சு தொடவில்லை. பெற்ற பிள்ளை கண்ணெதிரே மூச்சுக்காகப் போராடுகிறது, தன் கை அதன் வாயருகே சும்மா இருக்கிறது.

"சிஸ்டர்... மூச்சு வரலை. சிஸ்டர்!"

அவர் போட்ட கத்தலில் வாலு விழித்துக்கொண்டாள். "நான் தூங்கலைப்பா, சும்மாதான் படுத்திருந்தேன்" என்று பதறி எழுந்து பென்சிலைத் தேடினாள்.

சிஸ்டர் அவளைத் தட்டிக்கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தார். பிறகு அவர் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குப் பாம்புக்காதுன்னு பேரு வெச்சவங்க யாரு அண்ணே?"

சத்தம் நின்றால் எழுந்து ஓடுகிற மனிதர், வீட்டில் சத்தம் நின்றபோதெல்லாம் 'அப்பாடா' என்று புரண்டு படுத்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வருடம்.

"திங்கக்கிழமை காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. தூங்கும்போது ஃபோன்ல எடுத்தது ஏதாவது இருந்தா கொண்டு வாங்க, டாக்டருக்கு உதவியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் மேலே போனார்.

ஃபோனில் இருந்தது.

போன வருடம் மச்சினன் வீட்டு விருந்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, வாலுவின் குறட்டையைப் பதிவு செய்து போட்டுக் காட்டியிருந்தார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. வாலுவும் முதலில் சிரித்தாள், பிறகு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நாற்பது விநாடிப் பதிவு அது. உண்மையில் அவர் பதிவு செய்தது பதினோரு நிமிடம். நடுநடுவே சத்தம் நின்றுபோய் 'போர்' அடித்ததால், அந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்துவிட்டு, நல்ல குறட்டைகளை மட்டும் ஒட்டிவைத்திருந்தார். பழைய பதிவு ஃபோனின் அடியில் எங்கோ அப்படியே கிடந்தது.

மகள் மறுபடியும் படம் வரைய உட்கார்ந்ததும், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைப் போட்டார். குறட்டை, குறட்டை, குறட்டை. பிறகு ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒன்பது விநாடி. கேவல். குறட்டை. மறுபடியும் ஒன்றுமில்லை. பதினான்கு. அடுத்தது பதினேழு. அந்தப் பதினேழு விநாடியின் நடுவில் ஒரு குரல் கிசுகிசுத்தது. அவருடைய குரல்தான்.

"ம்... போடு போடு... ஏன் நிறுத்திட்டே, கழுதை?"

அதற்குப் பிறகு அடக்கிக்கொண்ட ஒரு சிரிப்பு. அதற்கும் பிறகுதான் பிள்ளையின் கேவல்.

அவர் ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கீழே போட்டார். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, சிரித்திருக்கிறார். எதை வெட்டி எறிய வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்கூடத் துல்லியமாகத் தப்புச் செய்திருக்கிறார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை டாக்டரின் அறையில் அந்தப் பதினோரு நிமிடத்தையும் போட வேண்டியிருந்தது. மனைவி அதை முதல் முறையாகக் கேட்டாள். கிசுகிசுப்பு வந்த இடத்தில் அவள் கையை நீட்டி ஃபோனை நிறுத்தினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டாக்டர் அம்மா கண்டிப்பானவர்; பேச்சை வளர்க்கிற ரகம் இல்லை. வாலுவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். "நீங்களும் பாருங்க" என்றார். தொண்டையின் இரண்டு பக்கமும் இரண்டு சதைக் கட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்கிற மாதிரி நின்றன. நடுவில் ஒரு கீற்று அளவு வழி.

"இது டான்சில். இதே மாதிரி மூக்குக்குப் பின்னாடி, வாய் வழியா பாத்தா தெரியாத இடத்துல, அடினாய்டுன்னு ஒரு சதை இருக்கு. அதுவும் வீங்கி மூக்கு வழியை அடைச்சிருக்கும்னு நினைக்கிறேன். அதனாலதான் எப்பவும் வாயைத் திறந்துகிட்டே இருக்கா." மூக்குக்குள் நூல் மாதிரி ஒரு கேமராவை விட்டுப் பார்த்து, தான் நினைத்தது சரிதான் என்றார்.

"பகல்ல நல்லாத்தானே மூச்சு விடுறா, டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"முழிச்சிருக்கும்போது தொண்டைச் சதையெல்லாம் விறைப்பா நின்னு வழியைத் திறந்து வெச்சுக்கும். தூங்கினா அது தளர்ந்துடும். ஏற்கெனவே இவ்வளவு குறுகலா இருக்கிற வழி மூடிக்கும். பிள்ளை மூச்சை இழுக்கிறா, காத்து போகலை. ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்குது. உடனே மூளை அவளை உலுக்கி அரைகுறையா எழுப்புது. கேவி ஒரு மூச்சு எடுத்துட்டு மறுபடியும் தூங்குறா. மறுபடியும் மூடிக்குது. ராத்திரி பூரா இதே கதை. காலையில எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்காது."

"அப்போ அவ தூங்குறதே இல்லையா?"

"படுத்திருக்கா. தூங்கலை. பெரியவங்களா இருந்தா பகல்ல கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருப்பாங்க. பிள்ளைங்க பெரும்பாலும் நேர் எதிரா இருப்பாங்க. ஓடுவாங்க, அடிப்பாங்க, அழுவாங்க, எதுலயும் மனசு நிக்காது. படுக்கையை நனைக்கிறது, வேர்க்கிறது, சரியா வளராம இருக்கிறது, எல்லாத்துக்கும் இது காரணமா இருக்கலாம்." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்க விடுறீங்க?"

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் தரையைப் பார்த்தார்.

"நாலரைக்கு எழுப்பிடுவேன், டாக்டர். படிக்கிறதுக்கு."

டாக்டர் அம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "அரைத் தூக்கம் தூங்குற பிள்ளையோட அந்த அரைத் தூக்கத்தையும் பிடுங்கியிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

ஓர் இரவு வாலுவை ஆஸ்பத்திரியிலேயே தூங்க வைத்துச் சோதனை எடுத்தார்கள். மூக்கடியில் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, தலையில் சில ஒயர்கள், விரலில் சிவப்பு விளக்கு. மறுநாள் காலை டாக்டர் காகிதத்தை நீட்டியபோது விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மணிக்கு ஒரு தரம் வோல்டேஜும் ஆயில் பிரஷரும் எழுதி எழுதிப் பழகிய மனிதருக்குக் கோடுகள் தாய்மொழி மாதிரி. நேராகப் போக வேண்டிய ஆக்ஸிஜன் கோடு ரம்பப் பல் மாதிரி இருந்தது. மணிக்குப் பதினாறு தரம் அடைப்பு. தொண்ணூற்றைந்துக்கு மேல் நிற்க வேண்டியது ஓர் இடத்தில் எழுபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. தன் ஜெனரேட்டரில் இப்படி ஒரு கோடு வந்திருந்தால், அலாரம் அடித்து, எஞ்சினியரை எழுப்பி, ஊரைக் கூட்டியிருப்பார். எஞ்சின் இழுக்காமல் கரும்புகை கக்கினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பார் என்று ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்னவர்தான். சொந்த வீட்டில் காற்று அடைத்துக் கிடக்க, எஞ்சினைப் பிடித்து அடித்திருக்கிறார்.

"ரெண்டையும் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "வாய் வழியாத்தான். வெளியில தையல் எதுவும் இருக்காது."

"எடுத்துட்டா எதிர்ப்புச் சக்தி போயிடும்னு சொல்றாங்களே?" என்றாள் மனைவி.

"அதோட வேலையைப் பாக்க உடம்புல வேற இடங்கள் நிறைய இருக்கும்மா. பயப்பட வேண்டாம். மயக்க மருந்துக்கும் ரத்தக் கசிவுக்கும் உள்ள ஆபத்தை மறைக்க மாட்டேன், அதைக் கவனிக்கத்தான் நாங்க இருக்கோம். பெரும்பாலான பிள்ளைங்களுக்கு இதுல நல்ல குணம் தெரியும். எல்லாருக்கும் முழுசா சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அப்புறமும் கூப்பிட்டுப் பாப்பேன்."

எழுந்து போகும்போது பாம்புக்காது வாசலில் தயங்கினார். "டாக்டர், எங்க அப்பாவும் இதே மாதிரி... தூக்கத்துலயே போயிட்டாரு."

டாக்டர் அம்மாவின் குரல் முதல் முறையாகத் தணிந்தது. "அது எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கும் குறட்டை இருக்கில்ல? நீங்களும் ஒரு சோதனை பண்ணிக்கங்க."

"முதல்ல பிள்ளையைப் பாப்போம், டாக்டர்" என்று அவர் நழுவிவிட்டார்.

பள்ளிக்கு மனைவிதான் டாக்டரின் கடிதத்தைக் கொண்டுபோனாள். டீச்சர் இரண்டு தடவை படித்தார். "கடைசிப் பீரியட்ல தூங்கினதுக்கு அவளை எத்தனை நாள் நிக்க வெச்சிருக்கேன், தெரியுமாம்மா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்தி வைப்பதைப் பற்றி வருடக் கடைசியில் பேசலாம் என்றார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து, அதே மாதிரி வகுப்பில் தூங்கி வழியும் வேறு இரண்டு பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்தார்.

ஆபரேஷன் அன்று பாம்புக்காதுக்கு லீவு. ஆனால் தியேட்டர் வாசலில் அவரால் உட்கார முடியவில்லை. கொட்டகைக்கு ஓடினார். டீசல் பார்த்தார், பேட்டரி பார்த்தார், மறுபடியும் டீசல் பார்த்தார். அன்றைக்கு வேலையில் இருந்த ஆபரேட்டர், "அண்ணே, நீங்க தொட்டுத் தொட்டே அதைக் கெடுத்துடுவீங்க" என்று கையைப் பிடித்து வெளியே விட்டார். கரண்ட் போகவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் சிஸ்டர் வெளியே வந்து ஒரு சிறிய புட்டியைக் காட்டினார். உள்ளே கோலிக்குண்டு அளவில் இரண்டு சதை உருண்டைகள், பக்கத்தில் கொஞ்சம் துணுக்குகள்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

இதற்காகவா நாலரை மணி அலாரம்? இதற்காகவா அந்த அடி? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அவர் சுவரில் சாய்ந்து அழுதார்.

அன்றிரவு வாலுவை விரலில் சிவப்பு விளக்கோடு வார்டிலேயே வைத்திருந்தார்கள். அந்த விளக்கோடு இணைத்த மெஷினில் எண் ஓடிக்கொண்டிருந்தது. மூக்குக்கு நேரே கையை வைத்து, கடிகாரம் பார்த்து மூச்சை எண்ணுவதை வாலு வார்டு நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு சுலபமாக இல்லை. தொண்டை வலி, காது வலி, வாய் நாற்றம், எதை நீட்டினாலும் தலையசைப்பு. தண்ணீர் கட்டாயம் குடிக்க வேண்டும் என்பதால் ஐஸ்கிரீமைக் காட்டித் தண்ணீரும், தண்ணீரைக் காட்டி மருந்தும் நடந்தது. ஆறாம் நாள் எச்சிலில் ஒரு சிவப்புக் கீற்று. சிவப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஓடி வரச் சொல்லியிருந்ததால், பாம்புக்காது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பார்த்துவிட்டு, மாலை வரை வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் பிறகு குறட்டை நின்றபாடில்லை. "போச்சு, எல்லாம் வீண்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே வீக்கம் வடிய இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை மனைவி நினைவுபடுத்தினாள்.

பதினேழாம் நாள் இரவு, எஞ்சின் நின்றது மாதிரி அவருக்கு விழிப்பு வந்தது.

சத்தமே இல்லை. கால் செருப்பைத் தேடியது, செருப்பு வாசலில் இருந்தது. இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு போய் மகளின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை வைத்தார். ஒன்று, இரண்டு...

வெதுவெதுப்பாகக் காற்று வந்து கையில் பட்டது. போயிற்று. மறுபடியும் வந்தது. வாய் மூடியிருந்தது. கழுத்து நேராக இருந்தது. தலையணை காய்ந்திருந்தது. போர்வை, படுக்கும்போது போர்த்தியபடியே கிடந்தது. மூன்று வருடத்தில் அவள் தூங்கி அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. பயம் போகவில்லை, எந்த நேரமும் நின்றுவிடும் என்று கையை எடுக்காமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நாலரை ஆனது. அந்த அலாரத்தை எப்போதோ அழித்துவிட்டிருந்தார். அப்படியே கட்டிலில் தலையைச் சாய்த்தார்.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. யாரும் எழுப்பாமல் வாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் தெளிவாக இருந்தது. அவளுடைய சின்ன உள்ளங்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டியபடி இருந்தது. அம்மாவின் கைக்கடிகாரத்தை மடியில் வைத்திருந்தாள்.

"என்னடா செல்லம் பண்றே?"

"நீ ரொம்பச் சத்தமா குறட்டை விட்டேப்பா. அப்புறம் நின்னுடுச்சு. நான் கை வெச்சுப் பாத்தேன், காத்தே வரலை."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பவே எண்ண ஆரம்பிச்சேன். நடுவுல விடவே இல்லை. ஒண்ணு ரெண்டுன்னு இருபத்து மூணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம்தான் நீ மூச்சு விட்டே." அவள் முகத்தில் பெருமையும் பயமும் கலந்திருந்தது. "மூணு தடவை எண்ணிட்டேம்பா. சிஸ்டர்கிட்ட சொல்லணுமா?"

பதினைந்தில் ஜன்னலைப் பார்த்துவிடுகிற பிள்ளை இருபத்து மூன்று வரை எண்ணியிருக்கிறாள். அவள் எண்ணி முடிக்கும் வரை அவருக்கு மூச்சு இல்லை. தன் அப்பாவின் முகம், அந்த 'வலியில்லாத சாவு', எல்லாம் கண்முன் வந்து நின்றது.

சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"சட்டையை மாட்டுங்க. இன்னிக்கு நான் கடைக்குப் போகலை" என்றாள்.

இந்தத் தடவை அவர் டிவியைத் தேடவில்லை. மகள் கடிகாரத்தைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டாள். டாக்டரிடம் எத்தனை தடவை, எத்தனை விநாடி என்று அவள்தான் சொன்னாள்.